கன்வெர்ஷன், ரிவர்சல்: கணக்கில் தெரியும் லாபம் சிறு டிரேடர் கைக்கு ஏன் வருவதில்லை?

ஒரு பங்கை வாங்குகிறீர்கள். அதே பங்கில், ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பயரி உள்ள கால் ஆப்ஷனை விற்று, புட் ஆப்ஷனை வாங்குகிறீர்கள். இனி பங்கு எங்கே போனாலும் எக்ஸ்பயரி அன்று உங்களுக்குக் கிடைப்பது ஸ்ட்ரைக் விலைதான். விலை மேலே போனால் கால் வாங்கியவர் ஸ்ட்ரைக் விலையில் பங்கை எடுத்துக்கொள்வார். கீழே வந்தால் உங்கள் புட்டை வைத்து அதே ஸ்ட்ரைக் விலைக்கு விற்றுவிடுவீர்கள். இதுதான் கன்வெர்ஷன். மூன்று லெக்கையும் திருப்பிப் போட்டு, பங்கை ஷார்ட் செய்து, காலை வாங்கி, புட்டை விற்றால் அது ரிவர்சல்.

கன்வெர்ஷனுக்கு இன்று கொடுக்கும் தொகையும் எக்ஸ்பயரி அன்று வரும் தொகையும் முன்பே தெரிந்தவை. அதனால் இது பங்கு வியாபாரத்தின் வேடம் போட்ட கடன் பத்திரம். 19-ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் ரஸ்ஸல் சேஜ் என்ற நிதிக்காரர், வட்டிக்கு இருந்த சட்ட உச்சவரம்பைத் தாண்டிக் கடன் கொடுக்க இந்த மூன்று லெக் அமைப்பையே பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். கன்வெர்ஷனில் தெரியும் லாபத்தில் பெரும்பகுதி வட்டி என்பதற்கு இது பழைய சாட்சி. அந்த வட்டியைக் கழித்தபின் மிஞ்சுவது மட்டுமே ஆர்பிட்ரேஜ்.

இங்கே எடுத்துக்கொள்வது என்எஸ்இ பங்கு ஆப்ஷன்களை. 2011 ஜனவரி முதல் இவை ஐரோப்பிய வகை, அதாவது எக்ஸ்பயரி அன்று மட்டுமே எக்ஸர்சைஸ் ஆகும். 2019 அக்டோபர் எக்ஸ்பயரியில் இருந்து எல்லாப் பங்கு டெரிவேட்டிவ்களும் பங்கையே கைமாற்றித் தீர்க்கப்படுகின்றன. முன்கூட்டியே அசைன்மென்ட் வரும் அமெரிக்கச் சிக்கல் நமக்கு இல்லை. நமக்கென்று வேறு சிக்கல்கள் இருக்கின்றன.

## சமன்பாடு

```
Conversion = (C_bid − P_ask) − (S_ask − K) − வட்டி + D − செலவு
Reversal   = (S_bid − K) − (C_ask − P_bid) + வட்டி − D − கடன் கட்டணம் − செலவு
```

C கால் ப்ரீமியம், P புட் ப்ரீமியம், S பங்கு விலை, K ஸ்ட்ரைக், D எக்ஸ்பயரிக்குள் வரும் டிவிடெண்ட். bid என்பது வாங்க நிற்பவர் கேட்கும் விலை, ask என்பது விற்க நிற்பவர் சொல்லும் விலை. நீங்கள் விற்கும் லெக்குக்கு bid, வாங்கும் லெக்குக்கு ask. இதைக் கவனமாகப் போட்டாலே பாதி "வாய்ப்புகள்" காணாமல் போய்விடும்.

## ஒரு கன்வெர்ஷனை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

கற்பனைப் பங்கு ஒன்று: விலை ரூ. 1,000, லாட் 500, எக்ஸ்பயரிக்கு 30 நாள், இடையில் டிவிடெண்ட் இல்லை. பணத்துக்கு 6.5 சதவீதம் வட்டி என்று வைப்போம்.

முதல் படி: நியாயமான இடைவெளி. 1,000 ரூபாய்க்கு 30 நாள் வட்டி ஏறக்குறைய ரூ. 5.34. எனவே 1,000 ஸ்ட்ரைக்கில் கால் விலை புட் விலையைவிடச் சுமார் 5.30 கூடுதலாக இருப்பது இயல்பு. அதுவே லாபம் என்று எண்ணி இறங்கக்கூடாது.

இரண்டாம் படி: திரையில் இருப்பது உண்மையா? ஆப்ஷன் செயினில் கால் 32, புட் 24 என்று தெரிகிறது. இடைவெளி 8. வட்டி போக 2.70 மிச்சம், லாட்டுக்கு 1,350 ரூபாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு எண்களும் கடைசியாக வியாபாரமான விலைகள். கால் கடைசியாக 10:41-க்கு, புட் 10:12-க்குக் கைமாறியிருக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் பங்கு மூன்று ரூபாய் ஏறியிருந்தால், நீங்கள் பார்ப்பது வேறு வேறு நேரங்களில் எடுத்த இரண்டு விலைகளை. பொய் ஆர்பிட்ரேஜ்களில் பெரும்பாலானவை இந்த ரகம். மார்க்கெட் டெப்த்தைத் திறந்து, ஐந்து வரிசை விலைகளையும் அளவுகளையும் பாருங்கள். ஒரு லாட் நிற்கும் இடத்தில் நீங்கள் மூன்று லாட் கேட்டால் இரண்டாம் வரிசை விலைதான் கிடைக்கும்.

டெப்த்தில் கால் bid 31.60, புட் ask 24.40, பங்கு ask 1,000.20 என்று வைப்போம். பங்குக்குக் கொடுப்பது 1,000.20, ப்ரீமியம் வித்தியாசமாக வருவது 7.20, ஆக நிகர முதலீடு 993. எக்ஸ்பயரியில் வருவது 1,000. பூட்டிய தொகை பங்குக்கு ரூ. 7, லாட்டுக்கு ரூ. 3,500.

மூன்றாம் படி: வட்டி. 993-ஐ 500-ஆல் பெருக்கினால் 4,96,500. இதற்கு 6.5 சதவீதத்தில் 30 நாள் வட்டி சுமார் ரூ. 2,650. மிச்சம் ரூ. 850. இந்தப் பணத்தைச் சும்மா லிக்விட் ஃபண்டில் போட்டிருந்தாலும் வட்டி வந்திருக்கும். அதனால் இதைக் கழிக்காமல் "மாதம் 3,500 ரிஸ்க் இல்லாத லாபம்" என்று சொல்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

நான்காம் படி: வரியும் கட்டணமும். 2024 அக்டோபர் 1 முதல் அமலான விகிதங்களில் கணக்கிடுவோம். ஆப்ஷன், ப்யூச்சர்ஸ் மீதான எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி பட்ஜெட்டில் மாறக்கூடியது; நீங்கள் இறங்கும் நாளின் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். டெலிவரி பங்குக்கான 0.1 சதவீதம் பல ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது, இந்தக் கணக்கைத் தீர்மானிப்பதும் அதுதான்.

பங்கு வாங்க எஸ்டிடி ரூ. 500, ஸ்டாம்ப் டியூட்டி 0.015 சதவீதம் ரூ. 75, எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் ஜிஎஸ்டியும் சுமார் ரூ. 18. ஆப்ஷன் இரண்டு லெக்குக்கும் சேர்த்து, ஆர்டருக்கு ரூ. 20 ப்ரோக்கரேஜ் என்றால், எல்லாம் சேர்ந்து சுமார் ரூ. 75. உள்ளே நுழையவே ஏறக்குறைய ரூ. 670 ஆகிவிட்டது. வெளியே வரும்போது 1,000 ரூபாய் ஸ்ட்ரைக்கில் 500 பங்கு கைமாறுவதற்கு மறுபடி எஸ்டிடி ரூ. 500. மொத்தம் ரூ. 1,170.

மிச்சம் இருந்ததோ 850. ரூ. 320 நஷ்டம். பங்கைக் கைமாற்றித் தீர்ப்பதற்குப் பல ப்ரோக்கர்கள் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். அது ஒப்பந்த மதிப்பில் 0.25 சதவீதம் என்றால் இன்னும் ரூ. 1,250, அதன்மேல் ஜிஎஸ்டி. அப்போது நஷ்டம் 1,800-ஐ நெருங்கும்.

வாங்க ஒரு முறை, கொடுக்க ஒரு முறை என்று டெலிவரி எஸ்டிடி மட்டுமே 0.2 சதவீதம். 1,000 ரூபாய்ப் பங்கில் 2 ரூபாய். 30 நாளில் 0.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2.4 சதவீத வட்டிக்குச் சமம். டெலிவரி லெக் வைத்த எந்தக் கன்வெர்ஷனும் முதலில் இந்த மேட்டை ஏறியாக வேண்டும்.

## மூன்று லெக்கையும் போடும் வரிசை

கணக்கு தேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று ஆர்டரையும் ஒரே நொடியில் நிறைவேற்ற உங்களால் முடியாது. பங்கு ஒரு பிரிவில், ஆப்ஷன் இன்னொரு பிரிவில் இருக்கிறது. எது கிடைப்பது கடினமோ அதை முதலில் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அது புட். அதற்கு லிமிட் ஆர்டர் போட்டு, நிறைவேறியதும் காலை விற்று, கடைசியில் பங்கை வாங்குங்கள். பங்கில் எப்போதும் ஆழம் இருப்பதால் அதைக் கடைசிக்கு விடலாம்.

புட் கிடைத்து கால் நழுவினால் என்ன ஆகும்? உங்கள் கையில் இருப்பது வெறும் புட், சந்தை இறங்கும் என்ற பந்தயம். காத்திருந்தால் 40 பைசா கூடக் கிடைக்கலாம், ஒரு ரூபாய் போகவும் போகலாம். லாட்டுக்கு 850 ரூபாய், அதாவது பங்குக்கு ரூ. 1.70 மிச்சத்தை நம்பி வந்தவருக்கு, ஒரு லெக்கில் 50 பைசா சறுக்கினாலே முப்பது சதவீதம் போய்விட்டது. மார்க்கெட் ஆர்டரை இங்கே தொடவே கூடாது.

## நடுவில் பணம் கேட்கும்

கன்வெர்ஷன் லாப நஷ்டத்தில் சமநிலையில் இருக்கும், ரொக்கத்தில் இருக்காது. பலரை வீழ்த்துவது இந்த வித்தியாசம்தான்.

பங்கு 1,000-லிருந்து 1,100-க்குப் போகிறது. நீங்கள் விற்ற கால் 31.60-லிருந்து 103 அளவுக்கு ஏறும். வாங்கிய புட் 24.40-லிருந்து இரண்டு மூன்று ரூபாய்க்கு இறங்கும். ஆப்ஷன் பக்கம் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 46,500 ரூபாய் மறைந்துவிட்டது, மார்ஜின் அந்த அளவுக்குக் கூடுதலாகக் கேட்கும். டீமேட்டில் உள்ள பங்கு 50,000 ரூபாய் ஏறியிருப்பது உண்மை. ஆனால் அது வெறுமனே டீமேட்டில் கிடந்தால் மார்ஜினுக்கு உதவாது. ப்ளெட்ஜ் செய்ய வேண்டும். அப்போதும் ஹேர்கட் போகத்தான் மதிப்பு கிடைக்கும், அதோடு இரவு தாண்டும் மார்ஜினில் பாதியை ரொக்கமாகவோ அதற்குச் சமமானதாகவோ வைத்திருக்க வேண்டும். வாங்கிய பங்கு T+1-ல்தான் கணக்குக்கு வரும் என்பதால் முதல் நாள் மார்ஜின் முழுக்கக் கையிலிருந்து போக வேண்டும்.

பணம் இல்லாவிட்டால் ப்ரோக்கர் பொசிஷனை மூடுவார். மூன்றையும் சேர்த்து அல்ல, மார்ஜின் தின்னும் லெக்கை மட்டும். விற்ற கால் 103-ல் மூடப்பட்டதும் நீங்கள் சாதாரணப் பங்குதாரர். கவசமாக இருந்த புட்டின் ஸ்ட்ரைக்கோ நூறு ரூபாய் கீழே இருக்கிறது. பூட்டு உடைந்துவிட்டது. எனவே ஒரு லாட்டுக்கு 5 லட்சம் போதும் என்று கணக்கிடாதீர்கள். ஆரம்ப மார்ஜினோடு, பங்கு பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஏறினால் தேவைப்படும் தொகையையும் ஒதுக்கிவிட்டு இறங்க வேண்டும். அந்த ஒதுக்கீடு வட்டி இல்லாமல் கிடந்தால் அதுவும் செலவே.

எக்ஸ்பயரி நெருங்கும் கடைசி நான்கு வர்த்தக நாட்களில், பணத்துக்குள் இருக்கும் வாங்கிய ஆப்ஷனுக்கும் டெலிவரி மார்ஜின் படிப்படியாக ஏறும். பங்கு விழுந்து உங்கள் புட் பணத்துக்குள் வந்திருந்தால் இது உங்களைத் தொடும். கொடுக்க வேண்டிய பங்கு உங்களிடமே இருந்தாலும், ப்ரோக்கரின் விதி அதை எப்படிக் கணக்கில் கொள்கிறது என்பதை முன்பே கேட்டு வையுங்கள்.

எக்ஸ்பயரி நாள் முடிவு விலை சரியாக 1,000-ல் நின்றால் காலும் புட்டும் இரண்டும் காலாவதி. பங்கு உங்களிடமே தங்கி, மறுநாள் என்ன விலையில் திறக்கிறதோ அந்த ரிஸ்க் உங்களுடையது. அபூர்வம்தான், ஆனால் வட்ட எண் ஸ்ட்ரைக்குகளில் கடைசி நிமிடங்களில் ஸ்ட்ரைக்கைச் சுற்றியே விலை ஆடுவதைப் பார்க்கலாம். அந்த நிலையில் மூன்று மணிக்கு மேல் காத்திருக்காமல் மூன்று லெக்கையும் மூடிவிடுவது நல்லது.

## ரிவர்சல்: பங்கை எங்கே கடன் வாங்குவது?

கால்–புட் இடைவெளி நியாயத்தைவிடக் குறைவாக இருந்தால் ரிவர்சல் அழைக்கும். ஆனால் இந்தியாவில் கேஷ் சந்தையில் ஷார்ட் செய்த பங்கை அன்றே மூட வேண்டும். மூடாவிட்டால் ஏலத்துக்குப் போகும். ஒரு மாதம் ஷார்ட்டாக வைத்திருக்க, 2008-ல் தொடங்கிய எஸ்எல்பி எனும் பங்கு கடன் சந்தைக்குப் போய்க் கட்டணம் கொடுத்துக் கடன் வாங்க வேண்டும். பல சிறு முதலீட்டு ப்ரோக்கர்கள் அதைத் தருவதே இல்லை; தந்தாலும் வேண்டிய பங்கு வேண்டிய மாதத்துக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

இடைவெளி குறைவாக இருப்பதற்கே பெரும்பாலும் காரணம் ஒன்று இருக்கும். அதே 1,000 ரூபாய்ப் பங்கில் கால் 26, புட் 32 என்று பார்க்கிறீர்கள். 5.30 கூடுதலாக இருக்க வேண்டிய கால் 6 ரூபாய் குறைவாக இருக்கிறது. 11 ரூபாய் லாபம் கண்முன்னே! அடுத்த இரண்டு வாரத்தில் ரூ. 12 டிவிடெண்ட் எக்ஸ்-தேதி வருகிறதா என்று பாருங்கள். டிவிடெண்ட் விலையில் 2 சதவீதத்துக்குக் கீழ் என்றால் எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரைக்கைத் திருத்தாது. 5.30-லிருந்து 12-ஐக் கழித்தால் நியாயமான இடைவெளி மைனஸ் 6.70. ரிவர்சலில் லாபம் ஒன்றுமில்லை. பங்கைக் கடன் கொடுத்தவருக்கு அந்த 12 ரூபாயை நீங்கள் கட்ட வேண்டும். டிவிடெண்டும் இல்லாமல் இடைவெளி குறைந்து கிடந்தால், அந்தப் பங்கைக் கடன் வாங்கும் கட்டணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டணத்தைத்தான் ஆப்ஷன் விலை காட்டிக்கொண்டிருக்கும்.

ஒருவருக்கு மட்டும் கடன் கேட்கும் தேவையில்லை: அந்தப் பங்கை ஏற்கெனவே வைத்திருப்பவர். அவர் தன் பங்கை விற்று, காலை வாங்கி, புட்டை விற்றால் எக்ஸ்பயரியில் அதே எண்ணிக்கைப் பங்கு ஸ்ட்ரைக் விலைக்குத் திரும்ப வரும். இடையில் பணம் கையில் இருக்கும். ஆனால் விற்ற அன்றே மூலதன ஆதாய வரி, திரும்ப வாங்கும் பங்குக்குப் புதிய வாங்கிய தேதி, இரண்டு பக்கம் எஸ்டிடி. நீண்ட காலம் லாபத்தில் வைத்திருக்கும் பங்குக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

## ப்யூச்சர்ஸ் வழி, அங்கே நிற்கும் கூட்டம்

எஸ்டிடி மேட்டைத் தவிர்க்கத் தொழில்முறையாளர்கள் பங்குக்குப் பதில் அதே மாத ப்யூச்சர்ஸை எடுப்பார்கள். ப்யூச்சர்ஸை வாங்கி, காலை விற்று, புட்டை வாங்கினால் வட்டி, டிவிடெண்ட், கடன் கட்டணம் எல்லாம் ப்யூச்சர்ஸ் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். 1,000-த்தோடு கால் bid-ஐக் கூட்டிப் புட் ask-ஐக் கழித்தால் நம் கணக்கில் 1,007.20. ப்யூச்சர்ஸ் ask 1,005.60 என்றால் பங்குக்கு ரூ. 1.60 மிச்சம், லாட்டுக்கு 800. வாங்கும்போது ப்யூச்சர்ஸுக்கு எஸ்டிடி இல்லை. விற்று மூடினாலும் 2024 விகிதமான 0.02 சதவீதத்தில் ரூ. 100. எக்ஸ்பயரி வரை வைத்தால் ப்யூச்சர்ஸில் வரும் பங்கும் ஆப்ஷனில் கொடுக்கும் பங்கும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். முழுச் செலவு இருநூறு ரூபாய்ச் சுற்றில் முடிந்துவிடும்.

அப்படியானால் ஏன் எடுக்கவில்லை? 1.60 திரையில் நிற்பதில்லை என்பதுதான் பதில். 2009-லிருந்து எக்ஸ்சேஞ்சின் சொந்த டேட்டா சென்டரில் கணினி வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்த மூன்று விலைகளையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. அவர்களுக்கு ஆகும் செலவு 20 பைசா என்றால், இடைவெளி 25 பைசா ஆனவுடன் எடுத்துவிடுவார்கள். உங்கள் செலவு 40 பைசா என்றால், 40-ஐ அது எட்டும் முன்பே முடிந்துவிட்டது. திரையில் ஒரு ரூபாய்க்கு மேல் நீடித்து நின்றால், பெரும்பாலும் யாரும் வியாபாரம் செய்யாத ஸ்ட்ரைக்கோ, உங்களுக்குத் தெரியாத டிவிடெண்டோதான்.

அதோடு, பெரிய மார்க்கெட் மேக்கர் மூன்று லெக்கையும் ஒரே நேரத்தில் தேடிப் போவதில்லை. யாரோ கால் கேட்டு வந்தால் தன் ask விலையில் விற்பார், உடனே ப்யூச்சர்ஸில் ஹெட்ஜ் எடுப்பார். சிறிது நேரம் கழித்து யாரோ புட்டை விற்க வந்தால் தன் bid விலையில் வாங்குவார். பொழுது சாயும்போது அவர் புத்தகத்தில் ஒரு கன்வெர்ஷன் உருவாகியிருக்கும். நீங்கள் 80 பைசா ஸ்ப்ரெட்டைக் கொடுத்து நுழையும் இடத்தில் அவர் அதை வாங்கிக்கொண்டு நுழைந்திருக்கிறார். அதே பொசிஷன், ஆனால் நுழைந்த விலை வேறு.

## சிறு டிரேடருக்கு உண்மையில் பயன்படும் ஒரு இடம்

நீங்கள் முன்பு வாங்கிய 1,000 கால் இப்போது பணத்துக்குள் ஆழமாகப் போய்விட்டது. பங்கு 1,120, எக்ஸ்பயரிக்குப் பத்து நாள், ப்யூச்சர்ஸ் 1,122. காலின் மதிப்பு குறைந்தது 122 இருக்க வேண்டும். டெப்த்தைத் திறந்தால் bid 116, ask 128. அந்த ஸ்ட்ரைக்கில் ஆளே இல்லை. விற்றால் 116-தான், லாட்டுக்கு ரூ. 58,000.

விற்காமல் ஒரு லாட் ப்யூச்சர்ஸை 1,122-ல் ஷார்ட் செய்யுங்கள். எக்ஸ்பயரியில் கால் வழியாக 1,000-க்கு வரும் பங்கு ப்யூச்சர்ஸ் வழியாக 1,122-க்குப் போய்விடும். பூட்டிய தொகை 122, லாட்டுக்கு ரூ. 61,000. ப்யூச்சர்ஸ் விற்பனை எஸ்டிடி அதே 2024 விகிதமான 0.02 சதவீதத்தில் சுமார் ரூ. 112, ப்ரோக்கரேஜ் ரூ. 20, கழித்துக்கொள்ளும் தீர்வுக்கு ப்ரோக்கர் ஏதாவது கேட்டால் அது. இவை போகவும் ஸ்ப்ரெட்டில் போயிருக்க வேண்டிய பெரும்பகுதி உங்களிடமே தங்கும். அதே ஸ்ட்ரைக் புட்டுக்கு ஐம்பது பைசா கொடுக்க ஆள் இருந்தால் அதையும் விற்று ரிவர்சலை முழுமையாக்கலாம். ஐம்பது பைசாவுக்காக இன்னொரு மார்ஜின் வேண்டாம் என்று விட்டுவிடுவதே சரி. விட்டால் பங்கு 1,000-க்குக் கீழே சரிந்தால் வரும் கூடுதல் லாபமும் உங்களுக்கே.

ஒன்றை மட்டும் முன்பே சரிபாருங்கள். பங்கு இன்னும் 50 ரூபாய் ஏறினால் ப்யூச்சர்ஸ் அன்றைக்கே 25,000 ரூபாயை ரொக்கமாக எடுத்துக்கொள்ளும். காலின் லாபமோ எக்ஸ்பயரி வரை காகிதத்தில்தான் இருக்கும். அந்தப் பணம் கணக்கில் இல்லையென்றால், காலுக்கு 119-ல் ஒரு லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருந்து பாருங்கள். அந்த விலையில் வாங்கி ப்யூச்சர்ஸில் ஹெட்ஜ் செய்ய மூன்று ரூபாய் இடைவெளி இருப்பதால், மார்க்கெட் மேக்கரின் கணினியே அதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.